அடம் பிடிப்பது யார்?

இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்து, "சரியான அடம்" என்று சொல்கிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. அடம் என்றால் என்ன? வேறு வழி தெரிந்திருந்தும், வேண்டுமென்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அரசியல்வாதி செய்யலாம், மாமியார் செய்யலாம், நீங்களும் நானும் தினமும் செய்கிறோம். இரண்டு வயதுக் குழந்தையால் முடியாது. அந்த 'வேறு வழி' அதன் மண்டைக்குள் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.

கோபம், பயம், ஏமாற்றம் இவற்றைக் கிளப்பிவிடுகிற மூளைப் பகுதி பிறக்கும்போதே வேலைக்கு வந்துவிடுகிறது. அதை 'சரி, போதும்' என்று அடக்கி வைக்கிற நெற்றிப் பகுதி மூளை முழுதாக முதிர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டிவிடும். ஆக்சிலரேட்டர் இருக்கிறது, பிரேக் இன்னும் பொருத்தவில்லை. அந்த வண்டியைப் பார்த்து நாம் "நில்லு, நில்லு" என்று கத்திக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் குழந்தை எப்படித்தான் அடங்குகிறது? பக்கத்தில் இருக்கும் பெரியவரிடமிருந்து நிதானத்தைக் கடன் வாங்கி. நான் பி.காம். படித்தவன். எனக்கு இப்படிச் சொன்னால்தான் புரிகிறது. காரைக்குடிக்காரர்களுக்கும் புரியும். கையில் முதல் இல்லாதவன் இருக்கிறவனிடம் வாங்கித்தானே தொழில் தொடங்குகிறான்? பெரியவரின் குரல், தொடுதல், அசையாமல் கூட இருப்பது, இந்த மூன்றின் வழியாக அந்த நிதானம் குழந்தையின் உடம்புக்குப் போய்ச் சேர்கிறது. உளவியல்காரர்கள் இதற்கு 'கோ-ரெகுலேஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் தடவை இப்படி வாங்கி வாங்கித்தான் குழந்தைக்குச் சொந்தமாக ஒரு கையிருப்பு சேருகிறது. வாங்க வந்த இடத்தில் கொடுப்பவனே திவாலாகி நின்றால்?

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் அப்படித் திவாலாகி நின்ற ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். பழைய செட்டிநாட்டு வீடு. முற்றத்தில் மேளம். இரண்டரை வயதுப் பையன் ஒருவன் தவில்காரர் கையில் இருந்த குச்சியைக் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். பையன் தரையில் விழுந்தான். கை கால்களை உதைத்து, உச்சஸ்தாயியில் ஒரு கத்தல். மேளத்தையே மீறிக் கேட்டது.

ஒரே நிமிஷத்தில் ஐந்து பெரியவர்கள் சூழ்ந்தார்கள். ஒருவர், "என்னடா வேணும், ஏன்டா அழறே?" என்று விடாமல் கேட்டார். இன்னொருவர், "போலீஸ் மாமா வர்றார் பாரு" என்றார். சித்தப்பா ஒருத்தர் செல்போனை முகத்துக்கு நேராக நீட்டினார், பையன் அதைத் தட்டிவிட்டான். ஒரு பெண்மணி, "இந்தக் காலத்துப் பிள்ளைக வளர்ப்பே இப்படித்தான்" என்று அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். அம்மா, பாவம், அவமானத்தில் முகம் சிவந்து, "எந்திரிடா, மானத்தை வாங்காதே" என்று கையைப் பிடித்து இழுத்தார். அப்பா? பத்தடி தள்ளி, விருந்தினரோடு சுவாரஸ்யமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் மைக்கேல் பொட்டேகல் என்ற ஆய்வாளர் குழந்தைகளின் ஆத்திர வெடிப்புகளையே ஆராய்ந்தவர். 2003-ல் அவர் குழு வெளியிட்ட கட்டுரை, ஒன்றரை முதல் ஐந்து வயது வரையிலான 335 குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் சொன்னதை அடிப்படையாகக் கொண்டது. பெரும்பாலான வெடிப்புகள் ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகின்றன. இன்னொன்றும் தெரிந்தது. கத்தல், உதைத்தல் போன்ற கோபம் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது. அதற்கு அடியில் ஓடுகிற துக்கம், அதாவது அழுகை, சிணுங்கல், யாராவது தூக்க மாட்டார்களா என்ற தேடல், கடைசி வரை இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு அந்த ஐந்து பேரையும் பாருங்கள். உச்சத்தில் இருக்கும் குழந்தையின் காதில் கேள்வி எதுவும் ஏறாது, அது இன்னொரு சத்தம், அவ்வளவுதான். மிரட்டல் கோபத்தின் மேல் பயத்தையும் ஏற்றுகிறது. கையைப் பிடித்து இழுத்தால் உடம்பு இன்னும் முறுக்கிக்கொள்கிறது. தானாக இறங்க வேண்டிய கோபத்தை ஆளுக்கு ஒரு தடவை ஊதி ஊதிப் பற்ற வைத்தார்கள். நாலு நிமிஷம் கழித்தும் பையன் முதல் நிமிஷத்தில் இருந்த இடத்திலேயே இருந்தான்.

பிறகு அப்பத்தா வந்தார். "எல்லாரும் பந்திக்குப் போங்க" என்றார். பையனை அள்ளி, மேளச் சத்தம் குறைவாக இருந்த இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோய், ஆத்தங்குடிக் கல் தரையில் விட்டார். அவரும் கை எட்டும் தூரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். இங்கேதான் கவனிக்க வேண்டும். அவர் குழந்தையைத் தொடவில்லை, பேசவும் இல்லை. தன் மூச்சை ஒரு தடவை நீளமாக விட்டார். அவ்வப்போது தணிந்த குரலில் ஒரு "ம்ம்...". பையன் உதைத்தான். உதைபடாத தூரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு நிமிஷம் இருக்கும். கத்தல் அழுகையாக மாறியது. காது கொடுத்துக் கேட்டால் தெரியும், அது வேறு சத்தம். பையன் தலையைத் தூக்கி அப்பத்தா முகத்தைப் பார்த்தான். அதுதான் நேரம். அவர் உள்ளங்கையை விரித்து மடியில் வைத்தார். அவனே தவழ்ந்து வந்தான். பிடரியில் தொடங்கி இடுப்பு வரை மெதுவாக முதுகைத் தடவினார். தட்டவில்லை, தடவினார்.

இந்த மெதுவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் தோலில், முக்கியமாக ரோமம் உள்ள பகுதிகளில், இதமான வருடலுக்கென்றே ஒரு வகை நரம்பு இழைகள் இருக்கின்றன. நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால்தான் அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. சின்னக் குழந்தையின் முதுகை மேலிருந்து கீழே தடவ ஏழெட்டு நொடி எடுத்துக்கொள்ளலாம். 'தூங்குடா, தூங்குடா' என்று அவசரமாக முதுகில் தட்டுகிறோமே, அது நம் பதற்றத்தைத்தான் தட்டித் தட்டி உள்ளே அனுப்புகிறது.

"குச்சி கேட்டே. தரலை. கோவம் வந்துருச்சு." அப்பத்தா சொன்னது இவ்வளவே. பையன் விம்மலோடு ஒரு பெருமூச்சு விட்டான். தோள் இறங்கியது. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி, "குச்சி?" என்றான். "குச்சி தவில் தாத்தாவோடது. அவர் அடிக்கறதைப் பாக்கலாம், வா." மறுபடி ஒரு சிணுங்கல், பத்து நொடி. பிறகு இடுப்பில் ஏறிக்கொண்டான். கேட்டது கிடைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அமைதிப்படுத்துவதும் கேட்டதை வாங்கித் தருவதும் ஒன்று என்று நினைத்துத்தான் பாதிப் பேர் இதைச் 'செல்லம் கொடுப்பது' என்கிறார்கள்.

உடனே அப்பத்தாவை மாலை போட்டுக் கும்பிட வேண்டாம். காலையில் இட்லி ஊட்டும்போது இதே அப்பத்தா, "சாப்பிடலைன்னா பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போவான்" என்று சொன்னதையும் என் காதால் கேட்டேன்.

"நாங்கல்லாம் அடி வாங்கி வளரலையா?" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அடித்தால் சத்தம் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் சத்தம் நின்றதும் உடம்பைப் பாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும், கை மூடியிருக்கும், கண் உங்கள் முகத்தைத் தவிர்க்கும். அது அமைதி இல்லை, பயத்தில் உறைந்துபோனது. உண்மையில் அடங்கிய குழந்தை பெருமூச்சு விடும், தோளைத் தளர்த்தும், உங்கள் மேல் சாயும்.

செல்போன் இன்னும் தந்திரமானது. அது நிஜமாகவே வேலை செய்கிறது, ஒரு நொடியில். அமெரிக்காவில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் பெற்றோர் 422 பேரை ஆறு மாதம் தொடர்ந்து கேட்ட ஆய்வு 2022 டிசம்பரில் வெளிவந்தது. அடிக்கடி போனைக் கொடுத்துச் சமாதானம் செய்யப்பட்ட குழந்தைகளிடம், முக்கியமாக ஆண் குழந்தைகளிடமும் முன்பே துறுதுறுவென்று இருந்தவர்களிடமும், பின்னால் சட்டென்று உணர்ச்சி வசப்படுவது அதிகமாக இருந்தது. போன்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அதிகம் அழுகிற குழந்தைக்குத்தானே அதிகம் போன் கிடைக்கும்? ஆனால் போன் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் குழந்தைக்கு அந்தக் கடன் கிடைக்காமல் போகிறது, கணக்கு திறக்கப்படாமலேயே மூடப்படுகிறது என்பது என் கட்சி.

குழந்தை கையில் உள்ள போனை மட்டும் சொல்வானேன்? எட்வர்ட் டிரானிக் 1970-களில் செய்த ஒரு சோதனை பிரபலம். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று இரண்டு மூன்று நிமிஷம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார வேண்டும். கைக்குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். ரீல்ஸ் பார்க்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று என்றாவது கண்ணாடியில் பார்த்ததுண்டா?

அதே டிரானிக் அம்மாக்களுக்கு ஒரு ஆறுதலும் வைத்திருக்கிறார். நல்ல உறவில் உள்ள தாயும் குழந்தையும்கூட ஒருவரோடொருவர் இசைந்திருப்பது மொத்த நேரத்தில் சுமார் 30 சதவீதம்தான். மீதி நேரம் தவறிப்போய், மறுபடி சேருவது. கத்திவிட்டீர்களா? உங்கள் மூச்சு இறங்கிய பிறகு திரும்பி வந்து, "அம்மா சத்தம் போட்டுட்டேன், பயந்துட்டியா" என்று தடவிக்கொடுங்கள். பழுது பார்ப்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

எல்லாக் குழந்தைக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது. தொட்டாலே துடிக்கிற குழந்தைகள் உண்டு. அவர்களுக்குக் குரலும் பக்கத்தில் இருப்பதும் போதும். வெடிப்புகள் வழக்கமாக அரை மணி நேரம் நீண்டால், குழந்தை தன்னைத்தானே கடித்து, தலையை மோதிக் காயப்படுத்திக்கொண்டால், குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள், ஜோசியரிடம் இல்லை.

இனி என் உண்மையான சண்டை. இதையெல்லாம் படித்துவிட்டு, "பார், உனக்குப் பொறுமை பத்தலை" என்று மனைவியிடம் இந்தப் பக்கத்தை நீட்டப்போகும் கணவர்மார்களோடு. அந்தச் செட்டிநாட்டு வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வருஷக்கணக்கில் போனார்கள். கல்யாணமான மகனுக்குத் தனி அடுப்பு கொடுத்து 'வேறு' வைத்தார்கள். அடுப்பு வேறானாலும் முற்றம் ஒன்று. ஒருத்தி களைத்தால், பக்கத்து அறையிலிருந்து இன்னொருத்தி வந்து பிள்ளையைத் தூக்கினாள். அங்கேயும் மாமியார் கொடுமை உண்டு, புழுக்கம் உண்டு. ஆனால் கை மாற்ற ஆள் இருந்தது. இன்று அந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. பேத்தி வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில், சாயங்காலம் ஏழு மணிக்கு, ஆபீஸிலிருந்து வந்த களைப்போடு தனியாக ஒரு கத்தலை எதிர்கொள்கிறாள். அவளிடமே கையிருப்பு இல்லை, எதைக் கடன் கொடுப்பாள்?

அந்த நேரத்தில் அவள் செய்யக்கூடியது, குழந்தையைக் கூர்மையான பொருள் இல்லாத இடத்தில் உட்கார வைத்து, "அம்மா தண்ணி குடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கண் பார்வையில் இருந்தபடியே இரண்டு அடி தள்ளிப்போய் மூச்சு விடுவது. நீங்கள் செய்யக்கூடியது, சோபாவிலிருந்து எழுந்து, "என்ன ஆச்சு?" என்று கேள்வி கேட்காமல், சட்டையைக்கூட மாற்றாமல், அந்தத் தரையில் போய் உட்காருவது.