வெட்டி ஒட்டிய "ஆம்"

நெட்ஃபிளிக்ஸில் 2015 டிசம்பரில் வந்த 'மேக்கிங் எ மர்டரர்' தொடரின் பத்துப் பாகங்களையும் நாங்கள் இருந்து பார்த்தோம். பார்த்து முடிந்ததும் "அந்த பொலிஸ்காரன்தான் சாட்சியைச் சோடித்தவன்" என்று ஆசிரியர் அறையிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டோம். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அமெரிக்காவின் விஸ்கொன்சினில் 2005இல் ஒரு இளம்பெண் கொல்லப்பட்டார். செய்யாத குற்றத்துக்கு முன்பு 18 வருடங்கள் சிறையிருந்த ஸ்டீவன் ஏவரிதான் இதிலும் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பொலிஸார் அவரை மாட்டிவிட்டார்கள் என்ற சந்தேகத்தைத் தொடர் முன்வைக்கிறது. சந்தேகப்படுவது தவறல்ல. அதை வளர்த்த விதம்தான் தவறு.

பெண்ணின் கார் கண்டுபிடிக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு பொலிஸ் அதிகாரி அதன் இலக்கத்தைத் தொலைபேசியில் சரிபார்த்திருந்தார். "கேட்பவருக்கு நீங்கள் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டே பேசியதாகத் தோன்றும், இல்லையா?" என்று சட்டத்தரணி கேட்கிறார். "ஆம்" என்கிறார் அதிகாரி. நாம் பார்த்தது இதைத்தான்.

நீதிமன்றப் பதிவில் அப்படி இல்லை. அந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி ஆட்சேபத்தை ஏற்றார். அதிகாரி பதிலே சொல்லவில்லை. "வழக்கமாக நீங்கள் எடுக்கும் நூற்றுக்கணக்கான இலக்கச் சரிபார்ப்பு அழைப்புகளைப் போலத்தான் இதுவும் இருந்ததா?" என்பது அடுத்த கேள்வி. "ஆம்" என்பது அதற்கான பதில். அவரைக் காப்பாற்ற வேண்டிய சொல்லை வெட்டி, அவரை மாட்டும் கேள்விக்கு ஒட்டினார்கள்.

நேரம் போதாமல் சுருக்கினோம் என்றால், வகுப்பில் ஒரு பிள்ளையின் விடையை வேறு கேள்விக்குக் கீழே எழுதிப் புள்ளி போட நாம் சம்மதிப்போமா?

மற்ற வேலையை இசையும் பேட்டியும் செய்தன. சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தச் சாட்சிக்கூண்டுக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். தெரிவது களைத்த ஒரு மனிதர் மட்டுமே. "கள்ளன்" என்று நம் காதில் ஓதியது பின்னணி இசை. ஏவரியின் பெற்றோரும் சட்டத்தரணிகளும் மணிக்கணக்கில் நம்மோடு பேசுகிறார்கள். இறந்தவரின் குடும்பம் பேட்டி தர மறுத்தது. அந்த வெற்றிடத்தை அரசுத் தரப்பின் ஆதாரங்களாலாவது நிரப்பியிருக்கலாம். காரின் முன்மூடிப் பூட்டில் ஏவரியின் மரபணு கிடைத்தது என்பதைக்கூட விட்டுவிட்டார்கள்.

அந்த அதிகாரி போட்ட அவதூறு வழக்கு 2023இல் தள்ளுபடியானது உண்மைதான். வெட்டு சாட்சியத்தின் சாரத்தை மாற்றவில்லை, கெட்ட எண்ணம் நிரூபணமாகவில்லை என்றது நீதிமன்றம். ஆனால் தொடர் எப்போதும் நடுநிலையாக இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நட்டஈடு கொடுக்கத் தேவையில்லை என்பதும் நேர்மையாகச் செய்தார்கள் என்பதும் ஒன்றல்ல.

ஏவரி நிரபராதியாகவே இருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. அவருக்கு நீதி கேட்பவர்கள் இன்னொரு மனிதனின் வாயில் பதிலைத் திணித்துக் கேட்கக் கூடாது. இனி இப்படியான தொடர் பார்க்கும்போது, கேள்வி கேட்டவரின் முகத்திலிருந்து பதில் சொல்பவரின் முகத்துக்குப் படம் தாவும் அந்த நொடியைக் கவனியுங்கள். ஒட்டு விழுவது அங்கேதான்.