குற்றச்சாட்டைக் காட்டாமல் ஒரு விசாரணையா?

தேர்வறையில் முறைகேடு செய்ததாகப் பிடிபட்ட மாணவரைப் பல்கலைக்கழகம் தண்டிக்கிறது. அவர் மேல்முறையீடு செய்தால், "விசாரணைக்கு அழைத்தோம், நேரில் வந்தார், விளக்கம் கேட்டோம்" என்பதே பல நேரங்களில் பதிலாக வருகிறது. குழுவின் முன் வந்து நின்றுவிட்டார் என்பதற்காக அவர் விசாரிக்கப்பட்டுவிட்டதாக ஆகாது.

பொறியியல் மாணவி ஒருவரின் கால்குலேட்டர் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய சில சூத்திரங்களைப் பறக்கும் படை கண்டுபிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியையும் விடைத்தாளையும் பறிமுதல் செய்து, "தவறு செய்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று அங்கேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். சில வாரங்கள் கழித்துக் குழுவின் முன் அவர் நிற்கும்போது மேசைமேல் அந்த ஒரு கடிதம் மட்டும் இருக்கிறது. மூடியும் இல்லை, விடைத்தாளும் இல்லை. அறைக் கண்காணிப்பாளரின் அறிக்கையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அந்தச் சூத்திரங்கள் அன்றைய பாடத்துக்கு உரியவையா, அவற்றில் ஒன்றாவது விடைத்தாளில் பயன்பட்டிருக்கிறதா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பருவத்தின் எல்லாத் தாள்களும் ரத்து, அடுத்த இரண்டு பருவங்களுக்குத் தடை என்று ஒரே வரியில் உத்தரவு வருகிறது. காரணம் எதுவும் எழுதப்படவில்லை.

இதை ஏற்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1962-லேயே இதற்கு வழி காட்டிவிட்டது. உத்தரப் பிரதேச இடைநிலைக் கல்வி வாரியம், தேர்ச்சி பெற்றதாக அறிவித்த கன்ஷியாம் தாஸ் குப்தா உள்ளிட்ட மூன்று மாணவர்களின் முடிவைப் பிறகு ரத்து செய்து, மறு ஆண்டுத் தேர்வுக்கும் தடை விதித்தது. அவர்களிடம் விளக்கமே கேட்கவில்லை. மாணவரின் எதிர்காலத்தையே பாதிக்கும் முடிவை எடுக்கும் தேர்வுக் குழு, நீதிமன்றத்தைப் போலவே இரு தரப்பையும் கேட்டாக வேண்டும் என்று தீர்ப்பானது.

இயற்கை நீதி பேசினால் காப்பி அடித்தவர் தப்பிவிடுவார் என்று பேராசிரியர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு இடமில்லை. 1962-இல் பாக்லேஷ்வர் பிரசாத் வழக்கில், அடுத்தடுத்த எண் கொண்ட இருவரின் விடைத்தாள்களில் ஒரே மாதிரியான பிழைகள் இருந்தன. நேரில் பார்த்த சாட்சி இல்லாமலேயே, அந்தப் பிழைகளைக் கொண்டு குழு எடுத்த முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அங்கே மாணவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தரப்பட்டிருந்தது. விசாரணை முறையாக நடந்திருந்தால் ஆதாரத்தை மறுபடி எடைபோட நீதிமன்றம் தயங்கவே செய்யும். ஆக, முறையான விசாரணையால் பல்கலைக்கழகத்துக்குத்தான் பாதுகாப்பு.

மேல்முறையீடு எழுதும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். "நான் நிரபராதி, கருணை காட்டுங்கள்" என்ற மனுவால் பயனில்லை. எந்தத் தேதியில் நோட்டீஸ் வந்தது, எந்தத் தேதியில் விசாரணை, எந்த ஆவணம் காட்டப்படவில்லை, அது கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எழுத வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். தமக்கு என்ன பாதிப்பு என்று காட்டாத மனுக்கள் எளிதில் தள்ளுபடியாகின்றன. நம் உதாரணத்தில், சூத்திரங்கள் வேறு பாடத்துக்கு உரியவை என்பதே அவர் சொல்லியிருக்கக்கூடிய விளக்கம். விதிமுறையில் வைத்திருப்பதே குற்றம் என்றிருந்தால் அந்த வாதத்தால் குற்றம் நீங்காது. தண்டனையைக் குறைக்கக் கேட்க உதவும்.

ஆவணங்களை எழுத்துமூலம் கேட்டு, கேட்டதற்கு ஒப்புகையும் பெற வேண்டும். 1968-இல் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான சுரேஷ் கோஷி ஜார்ஜ் வழக்கில், விசாரணை அறிக்கையின் நகல் தரவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. நகல் வேண்டுமென்று மாணவர் கேட்கவே இல்லை என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. இருபது வயதுப் பிள்ளை கேட்கத் தெரியாமல் விட்டதற்கு எதிர்காலத்தை இழக்க வேண்டுமா? கேட்காமலேயே தரும்படி விதியை மாற்றுவது பல்கலைக்கழகங்களின் கடமை.

முதல் விசாரணையில் விட்டதை மேல்முறையீட்டில் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணமும் தவறு. பட்டயக் கணக்காளர் எல்.கே. ரத்னா வழக்கில், தொடக்கத்தில் மறுக்கப்பட்ட நியாயத்தை மேல்முறையீடு ஈடுசெய்துவிடாது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால், குறை தெரிந்தால் மேல்முறையீட்டுக் குழு பழைய உத்தரவுக்கு ஒட்டுப்போடக் கூடாது. உத்தரவை ரத்து செய்து, முதல் குழுவில் இல்லாதவர்களைக் கொண்டு புதிதாக விசாரிக்க அனுப்ப வேண்டும். அதுவரை மாணவரை அடுத்த பருவத் தேர்வை எழுத அனுமதித்து, முடிவை மட்டும் நிறுத்திவைக்கலாம். குற்றம் உறுதியானால் அந்தத் தாள்களை ரத்து செய்துகொள்ளலாம். எழுதவே விடாமல் தடுத்துவிட்டு, ஓராண்டு கழித்து அவர் பக்கம் நியாயம் என்று கண்டால், அந்த ஆண்டை எந்தப் பல்கலைக்கழகத்தாலும் திருப்பித் தர முடியாது.