செவ்வாய் தோஷமா? முதலில் லக்னத்தைச் சரிபாருங்கள்

சிராங்கூன் சாலைப் பக்கம் வரன் ஜாதகத்துடன் செல்லும் பெற்றோர் அதிகம் அஞ்சுவது ‘செவ்வாய் தோஷம்’ என்ற சொல்லுக்குத்தான். பெரிய தொகைக்குப் பரிகாரம் பேசப்படுவதும் பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

லக்னத்திலிருந்து எண்ணும்போது 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது பரவலான விதி. பன்னிரண்டு இடங்களில் ஐந்து. அப்படியென்றால் ஐந்து பேரில் இருவருக்கு இது வரக்கூடும். சந்திரன், சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் எண்ணிக்கை இன்னும் கூடும். அதனால்தான் விதிவிலக்குகளும் உண்டு: செவ்வாய் மேஷம், விருச்சிகம், மகரத்தில் இருந்தாலும், இருவர் ஜாதகத்திலும் தோஷம் இருந்தாலும் பாதிப்பில்லை என்பார்கள். விதியைச் சொல்பவர் விலக்கையும் சொல்லவேண்டும்.

அதற்கும் முன்பு, ஜாதகம் எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டது என்று பார்க்கவேண்டும். செப்டம்பர் கடைசி வாரத்தில் இங்கு காலை 9.30 மணிக்குப் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்குச் செவ்வாய் மிதுனத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் சூரியன் உதிப்பது 7 மணியையொட்டி. சென்னையில் 6 மணியையொட்டி. ஊரை மாற்றாமல் சென்னைக்கே கணித்தால் லக்னம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம்தான். சிங்கப்பூருக்குக் கணித்தால் துலா லக்னம். செவ்வாய் ஒன்பதில், லக்னப்படி தோஷமில்லை. சென்னைக்குக் கணித்தால் விருச்சிக லக்னம். செவ்வாய் எட்டில், தோஷம்!

பெற்றோருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1982 ஜனவரி 1ஆம் தேதி சிங்கப்பூர் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பழைய நேரப்படியே கணிக்கவேண்டும்.

பொறுப்பான ஜோதிடர் பிறப்புச் சான்றிதழில் உள்ள நேரத்தையும் ஊரையும் கேட்பார். கட்டணத்தை முன்பே சொல்வார். எந்த விதி, எந்த விலக்கு என்று கட்டத்தில் காட்டுவார். வேறொருவரிடம் கேட்பதைத் தடுக்கமாட்டார். பரிகாரம் என்று சொன்னாலும், செவ்வாய்க்கிழமை முருகன் கோயிலில் நீங்களே செய்யும் அர்ச்சனை அளவில் நிறுத்திக்கொள்வார். “இன்றே முன்பணம் கட்டாவிட்டால் மாப்பிள்ளை உயிருக்கு ஆபத்து” என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

பணம் கொடுத்துவிட்டாலும் வழி உண்டு. வாடிக்கையாளரைத் தகாத முறையில் நெருக்குவதைப் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் நியாயமற்ற செயலாகக் கருதுகிறது. ரசீதையும் குறுஞ்செய்திகளையும் வைத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். ரசீது தர மறுப்பவரிடம் பணம் கொடுக்காமல் இருப்பதே அதைவிட எளிது.