ஊசி போட்ட கணக்கு இருக்கு… மருந்து உறைஞ்ச கணக்கு எங்கே?

தோழர்களே,

ஒவ்வொரு வருஷமும் ஒரு சதவீதத்தைக் காட்டுவாங்க. இத்தனை சதவீதக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாச்சுன்னு விளம்பரம் வரும், மேடையில கைதட்டல் வரும். அந்த எண் பொய்னு நாம சொல்லலை. அது எதை எண்ணுதுன்னு பாருங்கன்னு தான் சொல்றோம். அது ஊசி குத்தினதை எண்ணுது. அந்த ஊசிக்குள்ள இருந்த மருந்துக்கு உயிர் இருந்துச்சா என்பதை எண்ணலை.

"வெயில்ல மருந்து கெட்டுப்போகும், அது தெரிஞ்ச விஷயம் தானே"ன்னு நினைப்பீங்க. இல்லை. இங்கே நாம பேசப்போறது அதுக்கு நேர் எதிரானது. குளிர் அதிகமானதால கெட்டுப்போற தடுப்பூசி பற்றி.

ஆரம்ப சுகாதார நிலையத்துல தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள்ள வைக்கணும். வாய்வழி போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை-ரூபெல்லா மருந்து போன்றவை உறைஞ்சாலும் தாங்கும்; வெப்பம் தான் அவற்றுக்கு எதிரி. ஆனா பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் கதை வேற. அதுல அலுமினிய உப்பு சேர்த்திருப்பாங்க. மருந்தோட முக்கியப் பொருள் அந்த நுண்ணிய உப்புத் துகள்கள் மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பு சக்தியை உருவாக்க அந்த உப்பு தான் துணை.

மருந்து உறைஞ்சா என்ன ஆகும்? பனிப் படிகங்கள் அந்தத் துகள்களை நெருக்கித் தள்ளி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாக்கிடும். அப்புறம் உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. தயிர் திரிஞ்ச பிறகு மறுபடி பாலாக்க முடியுமா? அதே மாதிரி தான். மருந்து விஷமாகாது. வீரியம் குறைஞ்சு போகும். ஹெபடைட்டிஸ்-பி மருந்து மைனஸ் அரை டிகிரியிலேயே உறைய ஆரம்பிச்சிடும். அதாவது, 2 டிகிரிக்கும் ஆபத்துக்கும் நடுவுல இருக்கிறது வெறும் இரண்டரை டிகிரி.

இதுல கொடுமை என்னன்னா, இது கண்ணுக்குத் தெரியாது. குப்பி மேல ஒரு வட்டமும் அதுக்குள்ள ஒரு சதுரமும் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீங்க. வி.வி.எம்.னு பேரு. வெப்பம் பட்டுக்கிட்டே இருந்தா உள்ளே இருக்கிற சதுரம் கருக்கும். வட்டத்தோட நிறத்துக்கு வந்துட்டா தூக்கிப் போடணும். அருமையான கண்டுபிடிப்பு. ஆனா அது வெப்பத்தை மட்டும் தான் காட்டும். குப்பி ராத்திரி முழுக்க உறைஞ்சு கிடந்தாலும் அந்தச் சதுரம் காலையில வெள்ளையா, 'நான் நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்லும். நர்ஸ் அக்கா அதை நம்பித்தான் ஊசி போடுவாங்க. குழந்தை அழும், அட்டையில டிக் விழும், கணக்குல ஒண்ணு கூடும். எதுவும் தப்பா நடந்த மாதிரியே இருக்காது.

"இதெல்லாம் கற்பனை, நம்ம நாட்டுல அப்படி நடக்காது"ன்னு யாராவது கமெண்ட்ல வந்தா, இந்த ஒரு ஆய்வைச் சொல்லுங்க.

நம்ம சென்னையில இருக்கிற ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தோட விஞ்ஞானிகள் செஞ்சது. 2013-ல உலக சுகாதார அமைப்போட இதழ்ல வெளியானது. 10 மாநிலங்களை எடுத்தாங்க. ஒவ்வொண்ணுலயும் மிகப் பெரிய மாவட்டம் ஒண்ணு, தலைநகர்ல இருந்து மிகத் தொலைவான மாவட்டம் ஒண்ணு. சின்னப் பெட்டிகளுக்குள்ள டி.பி.டி. மருந்துக் குப்பி இரண்டும் ஒரு எலக்ட்ரானிக் வெப்பப் பதிவுக் கருவியும் வெச்சாங்க. வழக்கமா மருந்து எப்படிப் போகுமோ அப்படியே மாநிலக் கிடங்குல இருந்து கடைக்கோடி சுகாதார நிலையம் வரைக்கும் அனுப்பினாங்க. யாருக்கும் சிறப்புக் கவனிப்பு கிடையாது.

என்ன கிடைச்சது? மாநில, மண்டல, மாவட்டக் கிடங்குகள்ல பூஜ்ஜியத்துக்குக் கீழ போன நேரம் மொத்தத்துல 2 சதவீதம் கூட இல்லை. கடைக்கோடி சுகாதார நிலையத்துல அது 10.5 சதவீதம். வண்டியில போன நேரத்துல சுமார் 18 சதவீதம் உறைநிலைக்குக் கீழ; 8 டிகிரிக்கு மேல போனது வெறும் 7 சதவீதம். நாம வெயிலுக்குப் பயந்துக்கிட்டு இருந்தப்போ, வழியில மருந்து அதிகமா உறைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கடைசியில குப்பிகளைச் சோதிச்சா, மூன்றில் இரண்டு பங்கு குப்பிகள்ல உறைஞ்ச அடையாளம்.

இதுக்கு அர்த்தம் மூன்றில் இரண்டு குழந்தைக்குப் பாதுகாப்பே இல்லைன்னு கிடையாது. அப்படி யாரும் பரப்ப வேண்டாம். அந்தப் பெட்டிகள் ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டிப் போன மாதிரிகள். ஆனா ஒண்ணு மட்டும் நிச்சயம்: அறை ஏசி, ஜெனரேட்டர் எல்லாம் இருக்கிற பெரிய கிடங்குல பிழை கம்மி, ஏழைக் குழந்தை வந்து நிக்கிற கடைசிப் படியில பிழை அதிகம்.

ஏன் உறையுது? யாரோட சோம்பேறித்தனமும் காரணம் இல்லை. புதன்கிழமை காலையை நினைச்சுப் பாருங்க. கிராமத்துக்குப் போற தடுப்பூசிப் பெட்டிக்குள்ள நாலு ஐஸ் பேக் வைக்கணும். அந்த ஐஸ் பேக் ராத்திரி முழுக்க மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசர்ல கிடந்தது. அதை வெளியே எடுத்து, மேல வேர்த்து, குலுக்கினா உள்ளே தண்ணி ஆடுற சத்தம் கேட்கிற வரைக்கும் காத்திருக்கணும். அப்போ தான் அது பூஜ்ஜியம் டிகிரிக்கு வந்திருக்கும். அறை வெப்பத்தைப் பொறுத்து இதுக்கு அரை மணி நேரமோ, ஒரு மணி நேரமோ, அதுக்கு மேலயோ ஆகலாம். காத்திருக்காம நேரா எடுத்து வெச்சா, மைனஸ் 20-ல இருக்கிற கட்டி பென்டாவேலன்ட் குப்பியை ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்.

ஒரே நர்ஸ் அக்கா. ஒரு பக்கம் கர்ப்பிணிகள் பதிவு, ஒரு பக்கம் ஆன்லைன் என்ட்ரி, பஸ் எட்டரைக்கு. அந்த ஒரு மணி நேரம் எங்கே இருந்து வரும்? பணியிடத்தைக் காலியா போட்டு வெச்சிட்டு, "வழிகாட்டுதலைப் பின்பற்றவும்"னு சுற்றறிக்கை அனுப்பினா ஐஸ் உருகிடுமா?

அடுத்தது ஐ.எல்.ஆர். குளிர்பதனப் பெட்டி. மேல திறக்கிற வகை. அடியில தான் குளிர் அதிகம். உறையக் கூடாத மருந்தை மேல கூடையில வைக்கணும். கூடை இல்லைன்னா அடியில காலி ஐஸ் பேக்கை இரண்டு அடுக்கு பரப்பி, அதுக்கு மேல தான் வைக்கணும். கூடை உடைஞ்சு மாற்று வராத இடத்துல மருந்து தரையைத் தொட்டுக்கிட்டுக் கிடக்கும். வெப்பநிலையைக் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பதிவேட்டுல எழுதுவாங்க. நடுவுல ராத்திரி இரண்டு மணிக்கு என்ன ஆச்சுன்னு அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது.

"இ-வின் இருக்கே, சென்சார் வெச்சிருக்கோமே"ன்னு பதில் வரும். இருக்கு. 2015-ல இருந்து வந்த நல்ல திட்டம் தான், மறுக்கலை. அந்தக் கருவி குளிர்பதனப் பெட்டியோட வெப்பநிலையைச் சர்வருக்கு அனுப்பும், எல்லை தாண்டினா போனுக்கு எச்சரிக்கை வரும். ஆனா அது இருக்கிறது பெட்டிக்குள்ள. மருந்து தோள்ல தொங்கி கிராமத்துக்குப் போகும்போது அது கூடப் போறதில்லை. எங்கே ஆபத்து அதிகமோ, அங்கே கண் இல்லை.

சரி, உறைஞ்சதா இல்லையான்னு கண்டுபிடிக்க வழியே இல்லையா? இருக்கு. செலவில்லாத வழி. குலுக்கல் சோதனைன்னு பேரு. அதே கம்பெனி, அதே லாட் குப்பி ஒண்ணை எடுத்து வேணும்னே ராத்திரி முழுக்க உறைய வெச்சு உருக்கணும். சந்தேகக் குப்பியையும் இதையும் ஒரே கையில பிடிச்சு பத்துப் பதினைஞ்சு விநாடி குலுக்கி, மேஜை மேல வெச்சு அரை மணி நேரம் வரைக்கும் பார்க்கணும். நல்ல மருந்து கலங்கலாவே நிக்கும், மெதுவாத்தான் படியும். உறைஞ்சது சீக்கிரமே அடியில மண்டியா இறங்கிடும். சந்தேகக் குப்பி, உறைஞ்ச குப்பி அளவுக்கு வேகமாப் படிஞ்சா, தூக்கிப் போடணும். ஊசி போலியோ மருந்துல அலுமினிய உப்பு இல்லாததால அதுக்கு இந்தச் சோதனை செல்லாது.

இவ்வளவு எளிமையான சோதனையை ஏன் செய்ய மாட்டாங்க? ஏன்னா ஒரு குப்பியைத் தியாகம் பண்ணணும். சோதனையில தோத்தா இன்னும் நிறைய குப்பி போகும். "வீணாக்கின சதவீதம்" ஏறும். உடனே விளக்கம் கேட்டு மெமோ வரும். கெட்ட மருந்தைத் தூக்கிப் போட்டவருக்கு மெமோ. கெட்ட மருந்தைக் குழந்தைக்குப் போட்டா கணக்குல ஒரு டிக், பாராட்டு. இந்தக் கணக்கை எழுதினது யாரு? நர்ஸ் அக்காவா, மேல உக்காந்திருக்கிறவங்களா?

இதுல பணயம் என்னன்னு புரியணும். கைக்குழந்தையா இருக்கும்போது ஹெபடைட்டிஸ்-பி தொற்றினா, பத்துல ஒன்பது குழந்தைக்கு அது நாள்பட்ட நோயா தங்கிடும். ஈரல் பாதிப்பு தெரிய வர்றது பல வருஷம் கழிச்சு. அப்போ யாரும் அந்தப் புதன்கிழமை ஐஸ் பேக்கைத் தேடிப் போகப் போறதில்லை.

அதனால நம்ம கோரிக்கை தெளிவா இருக்கணும். ஐஸ் பேக்கைக் காத்திருந்து உருக்கத் தேவையில்லாத, உறையவிடாத வகைத் தடுப்பூசிப் பெட்டிகளை உலக சுகாதார அமைப்பு தரச் சான்று கொடுத்துப் பட்டியல்ல வெச்சிருக்கு. அதைக் கடைக்கோடி நிலையங்களுக்கு முதல்ல கொடுங்க. ஒவ்வொரு பெட்டியோடவும் உறைதல் காட்டும் கருவி போகட்டும். உறைஞ்சதால அழிச்ச மருந்தை 'வீண்' கணக்குல சேர்க்காம தனியாக் காட்டுங்க. எங்க சுகாதார நிலையத்தோட வெப்பநிலைப் பதிவை எங்க கண்ணுல காட்டுங்க.

தோழர்களே, உங்க ஒன்றியத்துல ஒரு ஆர்.டி.ஐ. போடுங்க. மூணே கேள்வி: கடந்த 12 மாசத்துல குளிர்பதனப் பெட்டி 2 டிகிரிக்குக் கீழ போனது எத்தனை தடவை? குலுக்கல் சோதனை எத்தனை தடவை நடந்தது? உறைஞ்சதால எத்தனை குப்பி அழிக்கப்பட்டது? மூணாவது கேள்விக்குப் பதில் பூஜ்ஜியம்னு வந்தா சந்தோஷப்படாதீங்க. இரண்டாவது பதிலைப் பாருங்க. அதுவும் பூஜ்ஜியம்னா, உறையலைன்னு அர்த்தம் இல்லை, பார்க்கலைன்னு அர்த்தம்.

ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவை வெட்டி "தடுப்பூசி போடாதீங்க"ன்னு யாராவது பரப்பினா, அவங்க நம்ம ஆள் இல்லை. உங்க குழந்தைக்குத் தேதி தவறாம போடுங்க. நர்ஸ் அக்காகிட்ட போய்ச் சண்டை போடாதீங்க. கூடை கேட்டு, ஆள் கேட்டு, பெட்டி கேட்டு நிக்கிறவங்க அவங்க தான். கேள்வி கேட்க வேண்டியது அந்தக் கோரிக்கைக் கடிதம் எந்த மேஜையில கிடக்குதோ, அந்த மேஜையை.

ஊசியை எண்ணினது போதும். மருந்தை எண்ணுங்க.

#உறைஞ்ச_கணக்கு_எங்கே