சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பணமா?

"ஒருமுறை கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது." பல பொறியியல் கல்லூரி விடுதிகளின் விண்ணப்பத்தில், பெற்றோர் கையெழுத்திடும் இடத்துக்கு மேலே இந்த வரி இருக்கிறது. அக்டோபரில் அறையைக் காலி செய்து, நண்பர்களோடு வெளியே வீடு எடுக்கும் மாணவனின் பணத்தை வைத்துக்கொள்ள இந்த ஒரு வரி போதும் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. போதாது.

மெஸ் கணக்கையே பார்ப்போம். அரசுக் கல்லூரி விடுதிகளில் 'டிவைடிங் சிஸ்டம்' பழக்கமானது. அதாவது, மாதச் செலவை மாணவர்கள் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். 300 பேர், 30 நாள், செலவு 9,90,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 110 ரூபாய் வரும். இதில் சமையல்காரர் சம்பளமும் கேஸும் 20 ரூபாய் என்றால், அது ஒருவர் போனாலும் குறையாத செலவு. அரிசி, காய்கறி, பாலுக்கான மீதி 90 ரூபாய் அவர் போன நாளிலிருந்தே மிச்சம்.

பத்து மாதத்துக்கு 33,000 ரூபாயை ஜூலையிலேயே கட்டி, நான்கு மாதம் சாப்பிட்டு விலகுபவர் உண்டது 13,200 ரூபாய்க்கு. முன்கூட்டிச் சொல்லாமல் போனதற்காக ஒரு மாதம் நாளுக்கு 20 வீதம் 600 ரூபாய் பிடிக்கலாம். அது நியாயம், மற்ற மாணவர்கள் தலையில் அந்தச் செலவு விழக்கூடாது. மீதி 19,200 ரூபாய் அவருடையது. அதை வைத்துக்கொள்வது அநியாயம்.

அறை வாடகையில் நிர்வாகத்தின் வாதத்துக்கு வலு உண்டு. நடு ஆண்டில் காலியாகும் கட்டிலுக்கு ஆள் கிடைப்பது எளிதல்ல. ஆனால் காத்திருப்போர் பட்டியலில் இருந்த மாணவருக்கு அதே கட்டிலை ஒதுக்கி, அவரிடமும் வாடகை வாங்கிவிட்டால் நட்டம் எங்கே? ஒரே கட்டிலுக்கு இரண்டு வாடகை வாங்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பருவம் முடியும்வரை வாடகையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

காஷன் டெபாசிட் கல்லூரியின் வருமானமே அல்ல. உடைந்த மின்விசிறிக்கும் தொலைந்த அலமாரிச் சாவிக்கும் கழித்துக்கொள்ளலாம், அதுவும் ரசீதோடு. பெயின்ட் அடித்த செலவைக் கழிக்கக்கூடாது.

வெளியே தங்குபவரிடம் பெற்றோரின் கடிதம், முகவரி, வீட்டு உரிமையாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்பது பொறுப்பான செயல். விடுதியில் இருந்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும், 'நோ டியூ' தராமல் சான்றிதழை நிறுத்திவைப்பதும் மிரட்டல். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது.

மாணவர் விலகல் கடிதம் கொடுத்த 30 நாளுக்குள் கணக்குத் தாளும் மீதிப் பணமும் பெற்றோர் கைக்குச் சேர வேண்டும். விண்ணப்பத்தில் அந்த ஒற்றை வரி இருக்கும் இடத்தில், அடுத்த ஆண்டு இந்தக் கணக்கு இருக்கட்டும்.