கொம்பு இடம் மாறினால் விடை தவறாகுமா?

மதிப்பிற்குரிய அரசுத் தேர்வுகள் இயக்குநர் அவர்களுக்கு,

பத்தாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர்களில் ஒருவன் நான். டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. ஆனால், தன் கையாலேயே எழுதும் பிள்ளையின் தாள் முகாமுக்கு வரும்போது, அது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் கண்ணில் படுவது எழுத்து மட்டுமே.

ஒளிச்சேர்க்கை பற்றிய நான்கு மதிப்பெண் வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'சே' என்று எழுத, காதில் பின்னால் ஒலிக்கும் உயிருக்குரிய கொம்பை முன்னால் போட வேண்டும். இந்தப் பிள்ளை பலமுறை கேட்ட வரிசையிலேயே எழுதிவிடுகிறது: முதலில் ச, பிறகு இரட்டைக் கொம்பு. அந்தக் கொம்பு அடுத்த ரகரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. புள்ளியும் விடுபட்டால் 'ஒளிச்சரேக்கை' என்று நமக்குத் தெரிகிறது. 'பச்சையம் உள்ள இலை' என்பது 'பச்சை யமுள்ளஇ லை' ஆகிறது. ட திரும்பி நிற்கிறது. வேகமாகத் திருத்தும் கை இங்கே சிவப்புக் கோடு போட்டுவிடும்.

அதே வரிகளை மெல்ல வாய்விட்டுப் படித்தால் சூரிய ஒளி, பச்சையம், உள்ளே செல்லும் நீரும் கார்பன்-டை-ஆக்சைடும், உருவாகும் குளுக்கோசும் ஆக்சிஜனும் என நான்கு கருத்துகளும் இருக்கின்றன. நான்கு மதிப்பெண்ணும் அந்தப் பிள்ளைக்கு உரியவை. ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால், அங்கே நின்று இப்படிப் படித்தாக வேண்டும்.

அதே தாளில், இலை ஆக்சிஜனை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்கிறது என்று எழுதியிருந்தால் அது கருத்துப் பிழை. அதற்கு மதிப்பெண் கிடையாது. இரக்கத்தால் கொடுப்பதும் நியாயமல்ல.

எண்களில் அடுத்த வரியைப் பார்க்க வேண்டும். நிறை 12 கிலோ, முடுக்கம் 5 மீ/வி² என்ற கணக்கில் பிள்ளை 21 என்று எழுதி, விசை 60 நியூட்டன் என்று முடித்தால், மனத்தில் இருந்தது 12தான். முழு மதிப்பெண் தரலாம். 105 என்று முடித்தால் சூத்திரத்துக்கும் அலகுக்கும் உரியதைத் தந்து, விடைக்கு உரியதை நிறுத்தலாம். வேதிக் குறியீட்டில் இவ்வளவு தாராளம் காட்ட முடியாது: CO-வும் CO₂-வும் வேறு வேறு பொருள்கள். ஆனால் சமன்பாட்டுக்குக் கீழே பெயரைச் சரியாக எழுதியிருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐயா, வரும் பொதுத்தேர்வின் அறிவியல் விடைக்குறிப்பில், முதல் பக்கத்திலேயே, இந்தத் திருத்தும் முறையை எடுத்துக்காட்டுகளுடன் அச்சிடுங்கள். ஐயத்துக்குரிய தாளை உதவித் தேர்வாளர் தானே முடிவுசெய்யாமல் முதன்மைத் தேர்வாளரிடம் கொடுக்க வேண்டும் என்றும் ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்