அரை மார்க் போன கதை

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி போன வாரம் ஆங்கிலத் தேர்வுத் தாளைக் கையெழுத்துக்காக நீட்டினாள். ‘ஐ வாண்டட் டு கோ. பட் மை கிராண்ட்ஃபாதர் வாஸ் இல்’ என்று எழுதியிருந்தாள். டீச்சர் ‘பட்’டை அடித்துவிட்டு, முற்றுப்புள்ளியைக் காற்புள்ளியாக்கி, ‘ஹவெவர்’ என்று சிவப்பு மையில் திருத்தி, அரை மார்க்கைக் குறைத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் முப்பது வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்து நானும் இதே பாவத்தைச் செய்தவன். ‘அண்ட், பட், பிகாஸ் மூன்றிலும் வாக்கியம் தொடங்கக் கூடாது’ என்று என் வாத்தியார் சொன்னார், நானும் சொன்னேன். எந்த இலக்கணத்தில் இருக்கிறது என்று இருவருமே தேடிப் பார்த்ததில்லை.

1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளை எடுத்துப் பாருங்கள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் 31 வசனங்களில் 29 ‘அண்ட்’ என்றே தொடங்குகின்றன. லிங்கன் 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் ஆற்றிய உரையின் கடைசிப் பத்தி ‘பட்’ என்றுதான் ஆரம்பம். இவர்களுக்கெல்லாம் அரை மார்க் குறைப்போமா?

வேடிக்கை என்னவென்றால், பேத்தி எழுதியது சரி; திருத்தம்தான் தப்பு. ‘பட்’ இணைப்புச் சொல். ‘ஹவெவர்’ அப்படியல்ல. இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியும் ‘ஹவெவரு’மாக ஒட்டவைக்க முடியாது. அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். இல்லாத பிழையைத் திருத்தப் போய் இருக்கும் பிழையைப் புகுத்திவிட்டார்.

‘பிகாஸ்’ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். தமிழில் ‘நான் வரவில்லை. ஏனென்றால் மழை பெய்தது’ என்று எழுதினால் இரண்டும் முழு வாக்கியம். அதே பழக்கத்தில் நம் பிள்ளைகள் ‘பிகாஸ் இட் வாஸ் ரெயினிங்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். கட்டுரையில் அது பாதி வாக்கியம். மழை பெய்ததால் என்ன ஆயிற்று என்பது வரவேண்டும். ‘பிகாஸ் இட் வாஸ் ரெயினிங், வி ஸ்டேட் அட் ஹோம்’ என்றால் குற்றமே இல்லை. முதலில் நிற்பதால் அல்ல, முடியாமல் நிற்பதால்தான் அது பிழை. இதை விளக்க ஐந்து நிமிடம் ஆகும். ‘பிகாஸில் தொடங்காதே’ என்று சொல்ல ஐந்து விநாடி போதும். நாங்கள் ஐந்து விநாடியைத் தேர்ந்தெடுத்தோம்.

வரிக்கு வரி ‘அண்ட்’ போட்டு எழுதினால் படிக்கச் சலிப்புத் தட்டும், உண்மைதான். அதற்கு ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதலாம். மார்க்கில் கை வைப்பானேன்?

இவ்வளவையும் பேத்தியிடம் சொல்லி, “நாளைக்கு நான் வந்து மிஸ்ஸிடம் பேசட்டுமா?” என்று கேட்டேன்.

“ஐயோ, வேண்டாம் தாத்தா! அடுத்த பரீட்சையில இன்னும் ஒரு மார்க் போயிடும்” என்றாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.